இலக்கம் என்ற சொல்லுக்குள் ஓர் இலட்சம்

எங்கள் ஊர்க்கோயிலின் வசந்த மண்டபத்தைக் கல்லால் மீளக் கட்டுவதற்குத் தமிழ்நாட்டு ஸ்தபதி ஒருவரிடம் மதிப்பீடு கேட்டிருந்தோம். அவர் அனுப்பிய தாளில் நான்கு வரிகள் இருந்தன. கல்லுக்கு 6,20,000. செதுக்கு வேலைக்கு 4,80,000. ஏற்றி இறக்கும் செலவு 1,05,000. அவருடைய பயணத்துக்கு 45,000. கடைசியில், மொத்தம் 12,50,000 இந்திய ரூபாய். பன்னிரண்டரை இலட்சம் என்றால் சபையால் இரண்டு வருடத்தில் சேர்த்துவிடக்கூடிய காசு. ஆனால் கூட்டத்தில் எல்லோர் கையிலும் இருந்த தட்டச்சுப் பிரதியில் மொத்தம் 12,500,000 என்று இருந்தது. பன்னிரண்டரை மில்லியன், அதாவது ஒரு கோடியே இருபத்தைந்து இலட்சம். கூட்டம் அரை மணி நேரம்கூட நீடிக்கவில்லை. மண்டபத் திருப்பணியை ஒத்திவைப்பதாகத் தீர்மானித்து, எல்லோரும் அமைதியாக எழுந்து போனார்கள். பெருந்தொகை தருவதாக வாக்களித்திருந்த முதியவர் ஒருவர், தன் காசை வேறு நல்ல காரியத்துக்குக் கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பொருளாளர் என்ற முறையில் அந்தப் பிரதியில் கையொப்பம் வைத்தவன் நான்.

அன்றிரவு திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து அந்தத் தாளை மறுபடியும் கூட்டினேன். தட்டச்சுப் பிரதியின் நான்கு வரிகள் 6,200,000, 4,800,000, 1,050,000, 45,000. இவற்றின் கூட்டுத்தொகை 12,095,000. மொத்தமென்று அடித்திருந்ததோ 12,500,000. வித்தியாசம் 405,000. கணக்கு எழுதிப் பழகியவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: இரண்டு தொகைகள் பொருந்தாவிட்டால் வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார்ப்பார்கள். மீதியின்றி வகுபட்டால், எங்கோ ஒரு தொகை ஓர் இடம் தள்ளி எழுதப்பட்டிருக்கலாம் அல்லது பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். ஒரு தொகை பத்து மடங்கானால் கூடுவது அதன் ஒன்பது மடங்கு என்பதே காரணம். 405,000-ஐ ஒன்பதால் வகுத்தேன். 45,000 வந்தது. பயணச் செலவு.

அதற்குப் பிறகுதான் நடந்தது விளங்கியது. பிரதியைத் தட்டச்சுச் செய்த பிள்ளை மிகவும் கவனமானவள். இலங்கைப் பாடசாலையில் மூன்று மூன்று இலக்கமாகக் காற்புள்ளி இடப் படித்தவள். 12,50,000 என்பதில் இரண்டு காற்புள்ளிகளுக்கு இடையே 50 மட்டும் நிற்பதைக் கண்டு, ஒரு பூச்சியம் விடுபட்டுவிட்டது என்று நினைத்திருக்கிறாள். விடுபட்டதாகத் தெரிந்த பூச்சியத்தை ஒவ்வொரு வரியிலும் சேர்த்திருக்கிறாள். 45,000-இல் மட்டும் அவளுக்குக் குறை எதுவும் தெரியவில்லை, ஏனென்றால் ஓர் இலட்சத்துக்குக் கீழே இரண்டு முறைகளும் ஒன்றுதான். அந்த ஒரு வரி மட்டும் உண்மையான அளவில் தப்பி நின்றதால்தான் கூட்டல் பிசகியது. அதுவும் ஓர் இலட்சத்தைத் தாண்டிய தொகையாக இருந்திருந்தால் எல்லா வரிகளும் சரியாகப் பத்து மடங்காகிக் கூட்டலும் பொருந்தியிருக்கும், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

மறுநாள் எல்லோருக்கும் அறிவித்தோம். ஆனால் என் மனத்தில் தங்கியது பிழை அல்ல, பிழையைக் கேட்ட அத்தான் சொன்ன சொல். "உலகமெல்லாம் மூண்டு மூண்டாய்ப் பிரிக்குது. இந்தியாக்காரர் மட்டும் ஏன் முதலிலை மூண்டு, பிறகு ரெண்டு ரெண்டு எண்டு வைச்சிருக்கினம்? ஒரு ஒழுங்கு இல்லாத முறை, தம்பி. மில்லியன் எண்டு சொன்னால் எல்லாருக்கும் விளங்கும்." நாங்களும் காணி விலை பேசும்போது இலட்சம் என்கிறோம், வங்கிக் கடிதத்தில் மில்லியன் என்று வாசிக்கிறோம், வரவு செலவுத் திட்டச் செய்தியில் பில்லியன் என்று கேட்கிறோம். இவற்றில் ஒன்று ஒழுங்கானது, மற்றது ஒழுங்கற்றது என்ற அவருடைய முடிவை ஏற்கவும் முடியவில்லை, மறுக்கவும் என்னிடம் அப்போது பதில் இல்லை. சில மாதங்கள் அதையே தேடி வாசித்தேன்.

செங்கற்கள் பசுக்களாகட்டும்

இலட்சம் பிறப்பதற்கு முந்திய கணக்கு யசுர்வேதத்தில் இருக்கிறது. வேள்விக்கான தீமேடையைச் செங்கல்லால் அடுக்கிக் கட்டும்போது சொல்லும் மந்திரம் அது. அக்கினியே, இந்தச் செங்கற்கள் எனக்குப் பால் தரும் பசுக்களாகட்டும் என்று வேண்டி, எத்தனை பசுக்கள் என்பதற்கு ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என்று எண்ணத் தொடங்குகிறது. ஆயிரத்தோடு நிற்கவில்லை. பத்தாயிரம் அயுதம், நூறாயிரம் நியுதம், அதன் பத்து மடங்கு பிரயுதம், பிறகு அர்புதம், நியர்புதம், சமுத்திரம், மத்தியம், அந்தம், பரார்த்தம். ஒன்றுக்குப் பின் பன்னிரண்டு பூச்சியம் வரும் இடம் வரை, பத்தின் ஒவ்வொரு படிக்கும் ஒரு தனிப் பெயர். கோயில் கட்டும் கணக்கில் தடுக்கி விழுந்த எனக்கு, இந்தப் பட்டியல் ஒரு கட்டட வேலையில் சொல்லப்பட்டது என்பதை வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துச் சற்று நேரம் இருக்க வேண்டியிருந்தது.

இந்தப் பட்டியலில் இலட்சமும் இல்லை, கோடியும் இல்லை. இரண்டும் பின்னால் வந்து சேர்ந்த பெயர்கள். கி.பி. 499-இல் ஆரியபட்டர் பத்துப் பத்தாக அடுக்கும் இடப் பெயர்களில் நியுதம், பிரயுதம் என்பவற்றுக்கு அடுத்ததாகக் கோடி நிற்கிறது. அதன் அளவு இன்று நாங்கள் சொல்லும் அதே அளவு, ஒன்றுக்குப் பின் ஏழு பூச்சியம். 1150-இல் எழுதிய பாஸ்கரர் அயுதத்துக்கு அடுத்த படியில் நியுதத்தை விட்டு இலட்சத்தை வைக்கிறார்: ஆயிரம், அயுதம், இலட்சம், பிரயுதம், கோடி. இங்கே இன்றைய முறையின் எலும்புக்கூடு முழுதாகத் தெரிகிறது. அயுதத்தையும் பிரயுதத்தையும் எடுத்துவிடுங்கள். மிஞ்சுவது ஆயிரம், இலட்சம், கோடி. நூறு ஆயிரம் ஓர் இலட்சம், நூறு இலட்சம் ஒரு கோடி. அத்தான் கேட்ட "ரெண்டு ரெண்டு" இதுதான்: ஒவ்வொரு படிக்கும் பெயர் வைத்திருந்த ஒரு நீண்ட ஏணியில், ஒன்று விட்டு ஒரு படி பேச்சில் கழன்று போனது.

ஏன் அந்தப் படிகள் கழன்றன? பேசிப் பார்த்தால் விடை கிடைக்கிறது. பத்தாயிரம் என்று சொல்ல முடியும்போது அயுதம் தேவைப்படவில்லை. பத்து இலட்சம் என்று சொல்ல முடியும்போது பிரயுதமும் தேவைப்படவில்லை. ஒன்று முதல் தொண்ணூற்றொன்பது வரையுள்ள எண்களை ஒரு பெயருக்கு முன்னால் வைத்தால் போதும், நூறு வந்தவுடன் அடுத்த பெயர் தொடங்கிவிடும். ஓர் எண்ணை எடுத்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 7,45,32,618: ஏழு கோடியே நாற்பத்தைந்து இலட்சத்து முப்பத்திரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினெட்டு. இதில் நூறு என்ற சொல் ஒரே ஒரு முறை, கடைசி மூன்று இலக்கத்தில் மட்டும் வருகிறது. அதையே 74,532,618 என்று எழுதி வாசித்தால் எழுபத்து நான்கு மில்லியன் ஐந்நூற்று முப்பத்திரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினெட்டு. நூறு இரண்டு தரம் வருகிறது, இன்னும் பெரிய எண்ணானால் ஒவ்வொரு தொகுதியிலும் திரும்பத் திரும்ப வரும். முதலில் மூன்று இலக்கம், பிறகு இரண்டிரண்டு என்று வைக்கும் காற்புள்ளி, யாரோ தாளில் வரைந்த ஒழுங்கீனம் அல்ல. வாய் எங்கே ஒரு பெயரைச் சொல்லுகிறதோ அங்கே விழும் புள்ளி அது.

நூறு நூறாக ஏறும் இந்தப் பழக்கம் பௌத்த நூல்களிலும் இருக்கிறது. சித்தார்த்தரின் வரலாற்றைச் சொல்லும் லலிதவிஸ்தரத்தில், திருமணத்துக்கு முன் இளவரசரின் கல்வியைச் சோதிக்க அர்ச்சுனன் என்ற கணக்கர் வருகிறார். கோடிக்கு மேல் எண்ணும் முறை தெரியுமா என்று அவர் கேட்க, நூறு கோடி ஓர் அயுதம், நூறு அயுதம் ஒரு நியுதம் என்று இளவரசர் சொல்லிக்கொண்டே போகிறார். இங்கே அயுதம் பத்தாயிரம் அல்ல, நூறு கோடி என்பதைக் கவனிக்க வேண்டும். பெயர்கள் இடம் மாறிக்கொண்டே இருந்திருக்கின்றன. வேதத்தில் ஏழு பூச்சியத்துக்கு நின்ற அர்புதம் ஆரியபட்டரிடம் எட்டுப் பூச்சியமாகி, இன்றைய இந்தியில் அரப் என்ற உருவில் ஒன்பது பூச்சியத்துக்கு நிற்கிறது.

பெரியம்மா சொன்ன படலம்

இவ்வளவும் புத்தகத்தில் படித்தது. இந்த விடயம் என் சொந்த மொழிக்குள் வந்து நின்றது வேறொரு நாளில். பெரியம்மா கந்தபுராணப் படிப்பு நடக்கும் நாட்களில் பயன் சொல்லக் கேட்டு வளர்ந்தவர். எண்பது வயதைத் தாண்டியும் படலங்களின் பெயரை வரிசையாகச் சொல்லுவார். நான் மேசையில் இந்தப் பட்டியல்களை எழுதி வைத்துக்கொண்டு இருந்தபோது, என்ன தேடுகிறாய் என்று கேட்டார். இலட்சம் என்ற சொல் எங்கேயிருந்து வந்தது என்று பார்க்கிறேன் என்றேன்.

"அதென்ன தேடுறது? இலக்கத்தொன்பதின்மர் எண்டு நாங்கள் ஒவ்வொரு வருசமும் படிக்கிறதுதானே," என்றார் பெரியம்மா. "வீரவாகு தேவரோடை ஒன்பது பேர். மிச்சம் இலக்கம் பேர். இலக்கமெண்டால் லட்சம், மேனை."

முருகனுக்குத் துணையாகச் சூரபன்மனோடு போரிட்டவர்கள் இலக்கத்தொன்பதின்மர், அதாவது ஓர் இலட்சத்து ஒன்பது பேர். சிறுவயது முதல் நானும் இதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தச் சொல்லைக் கதையின் பெயராகவே கேட்டேன், எண்ணாகக் கேட்கவில்லை. பெரியம்மா உள்ளே போன பிறகு நான் நிமிர்ந்து பார்த்தபோது எதிரே கதவு நிலையில் எங்கள் வீட்டு இலக்கத் தகடு தெரிந்தது. வீட்டு இலக்கம், தொலைபேசி இலக்கம், அடையாள அட்டை இலக்கம் என்று நாளைக்குப் பத்துத் தரம் நாங்கள் சொல்லுகிறோம். தமிழ்நாட்டார் எண் என்று சொல்லும் இடங்களில் எல்லாம் இலங்கைத் தமிழர்கள் இலக்கம் என்போம். அத்தான் எங்களுக்கு அந்நியமானது என்று ஒதுக்கிய அந்தச் சொல், எங்கள் வீட்டு வாசலில் ஆணியடித்து மாட்டப்பட்டிருந்தது.

சமஸ்கிருதத்தில் லக்ஷ என்றால் முதலில் குறி, அடையாளம், எய்யும் இலக்கு. அது நூறாயிரத்தின் பெயராகவும் ஆனது. பிராகிருதத்திலும் பாலியிலும் லக்க என்று மாறியது. தமிழ் இந்தச் சொல்லை இரண்டு வாசல்களால் உள்ளே எடுத்தது. பிராகிருத வாசலால் வந்தது இலக்கம், சமஸ்கிருத வாசலால் வந்தது இலட்சம். குறி என்ற பழைய பொருள் இலக்கு என்பதில் இன்னும் உயிரோடு இருக்கிறது. எண்ணைக் காட்டும் குறி என்ற பொருள் வீட்டு இலக்கத்தில் இருக்கிறது. நூறாயிரம் என்ற பொருள் முருகன் படையில் இருக்கிறது. வட இந்தியாவில் லக்க என்பது லாக் என்று சுருங்க, அதை ஆங்கிலேயர்கள் தங்கள் கணக்குப் புத்தகங்களில் எடுத்துக்கொண்டார்கள். தமிழுக்கு இச்சொல் வருவதற்கு முன்பு எண்ணத் தெரியாமல் இருக்கவில்லை. நூறாயிரம் என்பதே எங்கள் பெயர், அதை எழுதும் தமிழ்க் குறியும் நூறின் குறியையும் ஆயிரத்தின் குறியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ௱௲ என்றே எழுதப்பட்டது. அதற்கும் மேலே தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று பேரெண்களுக்குப் பெயர்கள் இருந்தன. தொல்காப்பியம் எண்ணுப் பெயர்களின் ஈற்றைப் பற்றிச் சொல்லும்போது ஐ, அம், பல் என்று முடிபவை என்று இவற்றையே குறிக்கிறது. பூக்களின் பெயரால் எண்ணிய அந்தக் கணக்கு வழக்கிலிருந்து போய்விட்டது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

கோடி எங்களிடம் இன்னும் ஆழமாக வேர் பிடித்தது. சமஸ்கிருதத்தில் கோடி என்பது வில்லின் வளைந்த நுனி, ஒரு பொருளின் முனை, உச்சி. தலைமன்னாருக்கு எதிரே இருக்கும் தனுஷ்கோடியின் பெயரில் அந்தப் பொருள்தான் இருக்கிறது: வில்லின் நுனி. தெருக்கோடி என்று நாங்கள் சொல்லும்போதும் எண் எதுவும் நினைவுக்கு வருவதில்லை, ஓர் எல்லைதான் தெரிகிறது. எண்ணிக்கையின் முனைக்கு வைத்த பெயர் எண்ணாகவே நின்றது. திருக்குறளில் இந்தச் சொல் பல இடங்களில் வருகிறது. அதில் ஒன்று கணக்குத் தெரிந்தவனை நிறுத்திவிடும்: சிரித்துப் பேசுவதோடு முடிந்துவிடும் நட்பைவிடப் பகைவரால் வருவது "பத்தடுத்த கோடி உறும்" என்கிறார் வள்ளுவர். பத்துக் கோடி என்பதற்கு வேறு தனிப் பெயரைத் தேடாமல், கோடியைப் பத்தால் பெருக்கிச் சொல்லுகிறார். இன்று இந்தியச் செய்திகளில் இலட்சம் கோடி என்று பெருக்கிச் சொல்வதும் இதே வழிதான். சொல் மாறாமல் தமிழில் கோடியாகவே நிற்க, வடக்கே இடையில் ஒரு ரகரம் புகுந்து கரோட் ஆகி, ஆங்கிலத்தில் க்ரோர் ஆனது.

பெயர் தீர்ந்துபோன இடம்

அத்தானின் மில்லியனுக்கு இனி வரலாம். உரோமரின் இலத்தீன் மொழியில் ஆயிரத்துக்கு மேல் ஒற்றைச் சொல்லாக எண்ணுப் பெயர் இல்லை. ஆயிரம் மில்லே. அதற்கு மேல் எல்லாமே பெருக்கல். முன்னோரிடம் நூறாயிரத்துக்கு மேல் எண் இருக்கவில்லை என்று மூத்த பிளினி முதலாம் நூற்றாண்டில் எழுதி வைத்திருக்கிறார். ஆகவே பத்து இலட்சத்தைச் சொல்ல அவர்கள் "பத்துத் தடவை நூறாயிரம்" என்றார்கள். பேச்சில் அந்த நூறாயிரத்தையும் விட்டுவிட்டு, வெறுமனே "பத்துத் தடவை" என்றே சொல்லிவந்தார்கள். பெயர் இல்லாமலே உரோமரும் ஓர் இலட்சத்தை அலகாக வைத்து எண்ணினார்கள் என்பது எனக்குப் பெரும் வியப்பு.

அந்தப் பழக்கம் ஓர் உயில் விடயத்தில் விளைவித்ததை வாசித்தபோது எங்கள் கூட்டத்துத் தாள் கண் முன்னால் வந்தது. பேரரசர் அகஸ்டஸின் மனைவி லிவியா, பிற்காலத்தில் பேரரசரான கல்பாவுக்குத் தன் உயிலில் எல்லோரையும்விடப் பெரிய தொகையை எழுதிவைத்தார். "ஐந்நூறு தடவை" செஸ்டர்ஸ் என்ற உரோம நாணயம், அதாவது ஐந்நூறு தடவை நூறாயிரம், ஐந்து கோடி. ஆனால் உயிலில் தொகை சொல்லால் விரித்து எழுதப்படவில்லை, இலக்கக் குறியால் மட்டும் குறிக்கப்பட்டிருந்தது. வாரிசான திபேரியஸ் அந்தக் குறியை வெறும் ஐந்நூறு என்று, அதாவது ஐந்நூறு ஆயிரம் என்று வாசித்து, ஐந்து கோடியை ஐந்து இலட்சமாகக் குறைத்தார். கல்பாவுக்கு அதுவும் கிடைக்கவில்லை என்று வரலாற்றாசிரியர் சுவெத்தோனியஸ் எழுதுகிறார். எங்கள் தாளில் பத்து மடங்கு கூடியது, அங்கே நூறு மடங்கு குறைந்தது. காசோலையில் தொகையை எழுத்திலும் எழுது என்று இன்று வங்கிகள் வற்புறுத்துவதை நான் வெறும் சடங்காக நினைத்திருந்தேன். இனி நினைக்க மாட்டேன்.

பெயரில்லாத அந்த இடத்துக்கு இத்தாலிய வணிகர்கள்தான் இடைக்காலத்தின் பிற்பகுதியில் ஒரு சொல் செய்தார்கள். இத்தாலியத்தில் ஒரு சொல்லின் கடைசியில் "ஓனே" என்று சேர்த்தால் அது பெரியது என்ற பொருள் தரும். மில்லேயோடு அதைச் சேர்த்து மில்லியோனே, பேராயிரம் என்றார்கள். ஆயிரத்தின் ஆயிரம் மடங்கு என்பதுதான் மில்லியன். பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது ஆங்கிலத்துக்கும் வந்துவிட்டது.

பில்லியன் இன்னும் இளையது. 1484-இல் பிரான்சின் லியோன் நகரில் நிக்கொலா சுக்கே என்பவர் ஒரு கணித நூலை எழுதினார். நீண்ட எண்களை வலப்பக்கத்திலிருந்து ஆறு ஆறு இலக்கமாகப் பிரித்து, முதல் புள்ளிக்கு மில்லியன், இரண்டாவதுக்குப் பில்லியன், மூன்றாவதுக்கு ட்ரில்லியன் என்று பெயர் வைத்தார். "பி" என்பது இலத்தீனில் இரண்டு, "ட்ரி" என்பது மூன்று. மில்லியனை மில்லியனால் பெருக்கினால் பில்லியன், அதாவது பன்னிரண்டு பூச்சியம், எங்கள் இலட்சம் கோடி. இந்த முறையில் ஒரு தெளிவு இருக்கிறது: பெயரில் உள்ள எண், எத்தனை மில்லியன்களைப் பெருக்க வேண்டும் என்று நேரே சொல்லிவிடும். அவருடைய கையெழுத்துப் பிரதி 1880 வரை அச்சேறவில்லை. ஆனால் அதிலிருந்து பெரும்பகுதியை எடுத்து எத்தியேன் தெ லா ரோஷ் 1520-இல் ஒரு நூல் வெளியிட்டதால் பெயர்கள் பரவின.

பிறகு நடந்தது அத்தானின் வாதத்துக்கு முக்கியமானது. பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் சிலர் ஆறு இலக்கத்தை விட்டு மூன்று இலக்கமாகப் பிரிக்கத் தொடங்கினார்கள். பெயர்களை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். அதனால் பில்லியன் ஆயிரம் மில்லியனாகச் சுருங்கியது, பெயரில் இருந்த இரண்டுக்கும் தொகைக்கும் தொடர்பு அறுந்தது. அமெரிக்கா இந்தச் சிறிய பில்லியனை எடுத்தது. பிரித்தானியா பெரிய பில்லியனையே வைத்திருந்தது. 1961-இல் பிரான்ஸ் சட்டப்படி பெரிய பில்லியனுக்குத் திரும்பியது. 1974 டிசம்பர் 20-ஆம் திகதி பிரித்தானியப் பிரதமர் ஹரோல்ட் வில்சன், இனி அரசாங்கம் பில்லியன் என்று சொன்னால் ஆயிரம் மில்லியன்தான் என்று நாடாளுமன்றத்தில் எழுத்து மூலம் பதிலளித்தார். நான் பிறந்த பிறகு நடந்த மாற்றம் இது. இன்றும் பிரான்சிலோ ஜேர்மனியிலோ இருக்கும் உறவினர் அங்குள்ள மொழியில் பில்லியன் என்று வாசித்தால் அது ஆயிரம் மடங்கு பெரியது. எங்கள் செய்தியில் வரும் பில்லியனை அவர்கள் மில்லியார் என்பார்கள்.

இதை அத்தானிடம் சொன்னபோது அவர் நியாயமான ஒரு கேள்வி கேட்டார்: அப்படியென்றால் இலட்சமும் கோடியும் எங்கேயும் பிசகவில்லையா? பிசகியிருக்கின்றன, இந்தியாவுக்கு வெளியே. கோடி பாரசீகத்துக்குப் போய்க் குரூர் ஆனபோது ஐந்து இலட்சமாகக் குறைந்தது. 1828-இல் உருசியாவோடு செய்த துருக்மான்சாய் உடன்படிக்கையில் பாரசீகம் பத்துக் குரூர் தோமான் நட்டஈடு கொடுக்க ஒப்புக்கொண்டது, அதாவது ஐம்பது இலட்சம் தோமான். பத்துக் கோடி என்று யாராவது வாசித்திருந்தால் இருபது மடங்காகியிருக்கும். கிழக்கே கப்பலேறி மலாய் மொழிக்குப் போன லக்ஷ அங்கே பத்தாயிரம் ஆனது. அயுதம் ஜுத்தா என்று மாறி மில்லியனைக் குறிக்கிறது, பத்தாயிரமாக இருந்த சொல் நூறு மடங்கு பெருத்துவிட்டது. ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்குச் சரக்குப் போகும்போது அளவைகள் மாறுவது திருகோணமலைக்காரருக்குப் புதிதல்ல. ஆனால் புறப்பட்ட இடத்தில் கோடி, ஆரியபட்டரின் காலத்திலிருந்து ஏழு பூச்சியமாகவே நிற்கிறது.

ஆகவே அத்தானிடம் நான் சொன்னது இவ்வளவுதான். இரண்டு முறைக்கும் அதனதன் ஒழுங்கு உண்டு. ஒன்று, ஒவ்வொரு படிக்கும் பெயர் இருந்த ஏணியில் தேவையில்லாதவை கழன்றபின் மிஞ்சியது. மற்றது, ஆயிரத்தோடு பெயர் தீர்ந்துபோன ஏணியில் பின்னால் பொருத்திய படிகள். ஒரு தாளில் எது இருக்கிறது என்று அறிய, கடைசி மூன்று இலக்கத்துக்கு இடப்பக்கத்துத் தொகுதியைப் பார்த்தால் போதும். நடுவில் ஒரு தொகுதியாவது இரண்டு இலக்கமாக நின்றால் அது இலட்சக் கணக்கு, அங்கே எந்தப் பூச்சியமும் விடுபடவில்லை. ஆனால் கடைசிக் காற்புள்ளிக்கு இடப்பக்கம் இரண்டு இலக்கத்துக்கு மேல் இல்லாவிட்டால், அந்தத் தொகையிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது. இரண்டு முறையிலும் அது ஒன்றுதான். அப்போது பக்கத்தில் இருக்கும் பெரிய தொகையைத்தான் பார்க்க வேண்டும். மாற்றுவதற்குப் பத்து இலட்சம் ஒரு மில்லியன், நூறு கோடி ஒரு பில்லியன் என்ற இரண்டு வரிகள் நினைவில் இருந்தால் போதும்.

மண்டப வேலைக்கான புதிய தாளை நானே தயாரித்தேன். ஒவ்வொரு வரியிலும் இலக்கத்தை இந்திய முறையில் ஒரு நிரலிலும் எங்கள் முறையில் இன்னொரு நிரலிலும் எழுதி, மூன்றாவது நிரலில் எழுத்தில் எழுதினேன். மொத்தத்துக்கு நேரே பன்னிரண்டு இலட்சத்து ஐம்பதாயிரம் இந்திய ரூபாய் என்று இருந்தது. தட்டச்சுச் செய்த பிள்ளையிடம்தான் சரிபார்க்கக் கொடுத்தேன். அவள் நான்கு வரிகளையும் கூட்டிப் பார்த்து, சரி என்று ஒரு மூலையில் சிறிதாகக் கையொப்பம் இட்டாள். கூட்டத்தில் பெரியம்மா அந்தத் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து எழுத்தில் இருந்த வரியை மட்டும் வாசித்தார். காசை வேறு இடத்துக்குத் தருவதாகச் சொல்லியிருந்த முதியவர், தன் பங்கை இரண்டு தவணையாகத் தரலாமா என்று கேட்டார்.